பெயருக்கு வெளியே நீளும் ஏகாரம்
இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களின் ஈற்றோசை பற்றிய ஒரு குறிப்பு

நமது முனாஜாத்துகளையும் கண்ணிகளையும் பதங்களையும் கையிலெடுத்து, ஒவ்வோர் அடியின் கடைசி எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனால் ஒரு விஷயம் உடனே தெரியும். றஹ்மானே, றஸூலே, நபியே, நூரே, மீரானே, கோமானே என்று ஏகாரத்தில் வாய் திறந்தபடியே அடிகள் முடிகின்றன. பக்தியின் விளி என்று சொல்லிவிட்டு இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் விளி மட்டும்தான் காரணம் என்றால் அறபுப் பெயர்களை இருந்தபடியே விட்டும் கூப்பிட்டிருக்கலாம். ‘யா றஹ்மான்’ என்பதும் கூப்பாடுதானே. தமிழில் பாடியவர்கள் ஏன் அந்த வாலைச் சேர்த்தார்கள், அதை ஏன் பாட்டின் மிக நீண்ட சுரத்துக்கு நேரே வைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் வாயின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சுரத்தை நாலு, ஆறு எண்ணிக்கை இழுத்துப் பிடிக்க வேண்டுமானால் மூச்சு தடையின்றி வெளியே வரவேண்டும். ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றிலும் தாடை இறங்கி வாய் போதிய அளவு திறக்கிறது. ஈயிலும் ஊவிலும் வழி குறுகுகிறது. தாழ்ந்த சுரத்தில் இது பெரிய குறையில்லை. மேலே போகப் போகத்தான் தெரியும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு மேல் ஸட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 260 அதிர்வு, மேல் காந்தாரம் ஏறத்தாழ 330. ஈ, ஊ இரண்டுக்கும் வாய்க்குள் உண்டாகும் முதல் முழக்கம் சுமார் 300 அதிர்வில் இருக்கிறது. பாடும் சுரம் அதைத் தாண்டியதும் ஈ மெலிந்து கீச்சிடும், ஊ மங்கிப்போகும். பாடகர் தன்னையறியாமல் வாயைத் திறந்து ஈயை ஏயாகவும் ஊவை ஓவாகவும் மாற்றிவிடுவார். ஆகாரத்தின் முழக்கம் இதைவிட இரு மடங்குக்கும் மேலே இருப்பதால் அதற்கு இந்த இடைஞ்சல் இல்லை. ஏகாரம் நடுவிலே நிற்கிறது. ஆகாரத்தைப்போல் வாயைப் பிளக்கவும் வேண்டாம், ஈகாரத்தைப்போல் நெரியவும் வேண்டாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்து மஜ்லிஸில், ஐம்பது பேர் ஒரே குரலாகச் சேர்ந்து பிடிக்க அது தோதான உயிர்.

அடுத்து, தமிழ்ச் சொற்கள் எப்படி முடிகின்றன என்பது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. வேற்றுமொழிச் சொல் அப்படி முடிந்தால் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். ‘முஹம்மத்’ தமிழில் ‘முகம்மது’ ஆனது அப்படித்தான். அந்த உகரம் குற்றியலுகரம். இலக்கணக் கணக்கில் அரை மாத்திரை. அரை மாத்திரை உள்ளதை எட்டு எண்ணிக்கைக்கு இழுக்கப் போனால் ‘முகம்மதூ’ என்று வேறொரு சொல்லாகக் கேட்கும். மற்ற ஈறுகளில் ம், ன், ண், ல், ள், ர், ழ், ய் முதலிய மெய்கள் வருகின்றன. இவற்றுள் மூக்கொலிகளை ஓரளவு முனகிப் பிடிக்கலாம். ஆனால் வாய் மூடிவிட்ட பிறகு எழும் ஓசை தூரம் போகாது.

பழைய இலக்கணிகள் இதை அறிந்தே இருந்தார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று மாத்திரை வகுத்த தொல்காப்பியமே, நூன்மரபின் கடைசியில், உயிர்கள் தம் அளவைக் கடந்து நீள்வதும் ஒற்றுகள் இசையில் நீள்வதும் உண்டு, அவை யாழ் நூலார்க்கு உரியவை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. அதாவது எழுத்தின் கணக்கு வேறு, பாட்டின் கணக்கு வேறு. பாட்டில் உயிரும் நீளும், ஒற்றும் நீளும். நமது மட்டக்களப்புப் பிரதேசத்தின் காரைதீவில் பிறந்து, 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் அந்த யாழ் நூலாரின் கணக்கைத் தேடியே பல ஆண்டுகள் உழைத்தார். நாம் இங்கே பேசுவது அந்தப் பெரிய கணக்கின் ஒரு சின்ன மூலையை.

கிழக்கிலங்கையில் இந்த மூலையைக் கண்டுகொள்ள வித்துவான்களிடம் போகத் தேவையில்லை. வாழைச்சேனையிலிருந்து வடக்கே போகும் பாதையில் வாகரை, கதிரவெளி, அப்பால் வெருகல், ஈச்சிலம்பற்று, பிறகு தோப்பூர், மூதூர் என்று ஊர்கள் வருகின்றன. கதிரவெளியும் வாகரையும் தமிழர் ஊர்கள்; தெற்கே ஓட்டமாவடியும் வடக்கே தோப்பூரும் மூதூரும் முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். வயலும் கடலும் வாவியும் கலந்த இந்தக் கரையில் இரு சாராருக்கும் பொதுவாக இருந்த பாட்டு ‘கவி’. நாலடி. தாளத்துக்குக் கட்டுப்படாமல், இராக்காவலிலும் சூடடிக்கும் களத்திலும் நீட்டி நீட்டிப் பாடுவது. எதிர் வயலில் இருப்பவனுக்கு எட்டவேண்டும் என்பதால் அடியின் முடிவில் உயிரை இழுத்து விடுவார்கள். விளிப்பெயர்கள் அதற்கு வாய்ப்பாக வந்து அமையும். ‘கிளியே’ என்று முடித்தால் குரல் வாவிக்கு அக்கரைக்கும் போகும். ‘கேட்டது’ என்று முடித்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடும், இழுக்க ஏலாது. முனாஜாத்து பாடிய லெப்பைமாருக்கும் றபான் தட்டிப் பைத்துப் படித்த பாவாமாருக்கும் இந்தக் காது ஏற்கெனவே இருந்தது. கவியின் காதோடுதான் அவர்கள் பக்திப் பாட்டுக்கு வந்தார்கள்.

இப்போது எழுத்தில் உள்ள ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு (1792–1838) கிழக்கிலங்கையிலும் நன்கு அறியப்பட்டவர். அவருடைய கண்ணிகள் இரண்டடிப் பாடல்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த முடிவுச் சொல்லே பல தொகுதிகளுக்குப் பெயராகவும் ஆனது. பராபரக் கண்ணி ‘பராபரமே’ என்று முடியும். இந்த வடிவம் அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய தாயுமானவரிடமும் உண்டு. றகுமான் கண்ணி ‘றகுமானே’ என்று முடியும். எக்காலக் கண்ணியோ ‘எக்காலம்’ என்று முடியும்.

இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடிப் பார்த்தால் ஒரே புலவர் இரு வகை ஈற்றை எப்படிக் கையாண்டார் என்று விளங்கும். ‘றகுமானே’ என்பதில் இரண்டு நெடில்கள் உள்ளன: மா, னே. நீண்ட சுரத்தை இரண்டிலே எதிலும் வைக்கலாம். கடைசியில் வாய் திறந்தே இருக்கும். கூட்டம் எந்த இடத்திலும் மூச்சு விட்டுக்கொண்டு மீண்டும் சேரலாம். ‘எக்காலம்’ என்பதில் கடைசி அசை ‘லம்’, குறிலும் ஒற்றும். அங்கே இழுத்தால் ‘எக்காலாம்’ என்று சிதையும். ஆகவே நீட்சி முழுவதும் ‘கா’வில் வந்து விழவேண்டும், ‘லம்’ விரைந்து மூடி முனகலாக அடங்கும். முதலாவது அழைப்பு. இரண்டாவது ஏக்கம். அழைப்புக்குத் திறந்த வாயும் ஏக்கத்துக்கு மூடும் உதடும் பொருளோடும் ஒத்துப்போகின்றன. திறந்த உயிரில் முடிவது ஒரு வழி. நெடிலைப் பிடித்து ஒற்றில் அடைவது மற்றொரு வழி.

இந்த இரு வழிகளும் அறபிலும் உண்டு என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாளாந்தம் காதில் விழுபவைதாம். திருக்குர்ஆன் ஓதலில் வசன முடிவில் நிறுத்தும்போது கடைசிக் குறில் விழுந்து மெய்யில் அடைகிறோம். அந்த மெய்க்கு முன்னே மத்து எழுத்து இருந்தால் அதை இரண்டு, நான்கு அல்லது ஆறு ஹரகத் நீட்டலாம் என்பது தஜ்வீதின் ‘மத்து ஆரிள் லிஸ்ஸுகூன்’ விதி. சூறத்துல் பாத்திஹாவின் ஏழு வசனங்களும் ‘ஈன்’ அல்லது ‘ஈம்’ என்றே முடிகின்றன. ஈகாரத்தை அளவோடு பிடித்து மூக்கொலியில் அடைகிறோம். ஓதல் பாட்டு அல்ல. அதன் அளவு விதிகள் பாட்டுக்காக வந்தவையும் அல்ல. மூச்சு எங்கே நீள்கிறது, எங்கே அடைகிறது என்பதை மட்டுமே இங்கே ஒப்பிடுகிறோம். அந்த ஒப்பீட்டில் ‘எக்காலம்’ இந்த வகையோடு சேரும்.

அறபுக் கவிதை இதற்கு நேர்மாறாகப் போகிறது. வசனத்தில் நிறுத்தும்போது விழுந்துபோகும் கடைசிக் குறில், செய்யுளின் ஈற்றில் விழாது; நெடிலாக நீளும். இயைபு மெய்க்குப் பின்னால் வரும் இந்த நெடிலை அறபு யாப்பில் ‘வஸ்லு’ என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் இமாம் பூஸீரீ இயற்றிய கஸீதத்துல் புர்தா முழுவதும் மீம் எழுத்தில் இயைபு கொண்டது. ஆனால் அதைப் பாடுவோர் எவரும் ‘ம்’ என்று உதட்டை மூடி அடியை முடிப்பதில்லை. பேச்சில் நிறுத்தும்போது ‘ஹறம்’ என ஒலிக்கும் சொல் அந்த இயைபில் வந்தால் ‘ஹறமீ’ என்று திறந்தே முடியும். மௌலிது மஜ்லிஸ்களில் எழுந்து நின்று படிக்கும் ஸலாம் பைத்தில் ‘உங்கள்மீது’ என்று பொருள்படும் சொல்லும் அப்படியே. நிறுத்தி வாசித்தால் ‘அலைக்’, பைத்தில் ‘அலைக்கா’. ஊரே சேர்ந்து இழுக்கும் அந்த ஆகாரம் அறபு யாப்பே அனுமதித்த நீட்சி.

ஆக, நமது பாடகர்கள் அறபுப் பைத்திலும் திறந்த ஈற்றைக் கேட்டார்கள், கவியிலும் திறந்த ஈற்றைக் கேட்டார்கள். இடையிலே ஒரு சிக்கல் இருந்தது. அறபுப் பைத்தின் நீட்சிக்கு அந்த மொழியின் வேற்றுமைக் குறில்கள் இடம் கொடுத்தன. அறபுப் பெயரைத் தமிழ் அடிக்குள் கொண்டுவந்து வைத்தால் அந்தக் குறில் வராது. பெயர் மொட்டையாக, மெய்யிலே நிற்கும். றஹ்மான், றஹீம், ஸமத், றஸூல், ஹபீப். இவற்றை எங்கே நீட்டுவது?

இங்கேதான் விஷயம் இசையைத் தாண்டிப் போகிறது. தமிழிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஆனால் தமிழ்ப் பாட்டில் அளபெடையும் இசை நீட்சியும் பழகிப்போனவை, கேட்பவர் இடமறிந்து பொருள் கொள்வார். அல்லாஹ்வின் திருநாமங்களில் அந்தச் சலுகை கிடையாது. ‘மலிக்’ என்றால் அரசன். ‘மாலிக்’ என்றால் உடையவன். இரண்டும் அவனுக்கு உரியவையே, ஆனாலும் ஒன்றல்ல. ‘ஹமீத்’ புகழப்படுபவன்; ‘ஹாமித்’ புகழ்பவன். முதல் அசையில் சுரம் நீண்டால் படைத்தவனுக்குரிய சொல் படைப்புக்குரிய சொல்லின் பக்கம் சாய்ந்துவிடும். பாங்கு சொல்லப் பழக்கும்போது மோதினார்மாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். ‘அக்பர்’ என்பதில் முதல் அகரத்தை நீட்டினால் அது கேள்வியாகிவிடும். ‘ப’வை நீட்டி ‘அக்பார்’ என்றால் பறைகள் என்ற பொருள் வந்துவிடும். பிக்ஹு நூல்கள் எச்சரிக்கும் பிழை இது. ராகம் எங்கே நீள்கிறதோ அங்கே பெயரை வைத்துவிட்டுப் பாடினால், பாட்டுக்குத் தெரியாமல் பெயர் மாறிப்போகும்.

தமிழ் ஏகாரம் இந்தச் சிக்கலுக்கு விடையாக அமைந்தது. ‘றஹீமே’ என்பதில் றஹீம் அறபு, ஏ தமிழ். ஏகாரத்தை எத்தனை எண்ணிக்கை இழுத்தாலும், கமகம் போட்டாலும், மேலே ஏற்றி இறக்கினாலும் அறபுப் பெயரின் ஓரெழுத்தும் அளவு மாறாது. நீட்சி பெயருக்கு வெளியே நடக்கிறது. பெயர் தன் அளவில் நிற்க, குரலுக்கு ஒரு முற்றம் கிடைக்கிறது.

தமிழ் இலக்கணப்படி இது கட்டாயமும் அல்ல. தொல்காப்பிய விளிமரபு, ‘ஆன்’ என்று முடியும் பெயர்கள் கூப்பிடும்போது மாறாமல் இயல்பாகவே நிற்கும் என்கிறது. சேரமான், மலையமான் என்று உரைகாரர் எடுத்துக்காட்டுவர். றஹ்மான், மீரான் என்பவையும் ஓசையில் அந்த அச்சில் வார்த்தவையே. அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் ‘றஹ்மான்’ என்று வாளா கூப்பிடலாம். ஆயினும் கண்ணிகளிலும் பதங்களிலும் அது ‘றஹ்மானே’ ஆகிறது. பழைய இலக்கணம் வேண்டாம் என்று விட்டதைப் பாட்டு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இந்த ஏகாரம் அறபுக்கு அந்நியம் என்பதற்கு இன்னொரு சான்று அறபுத் தமிழ் எழுத்து. செவ்வியல் அறபு எழுத்தில் ஆ, ஈ, ஊ ஆகிய மூன்று நெடில்களுக்கே அடையாளம் உண்டு. ஏ, ஓவுக்குக் கிடையாது. தமிழை அறபு எழுத்தில் எழுதிய நமது முன்னோர் எ, ஒ ஓசைகளுக்கென்று தனிக் குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அறபுத் தமிழில் ஒரு முனாஜாத்தை எழுதியவர் அடிதோறும் அந்தச் சேர்த்த குறியைக் கடைசியில் இட்டே தீரவேண்டும். பெயர் முடிந்து தமிழ் தொடங்கும் இடம் எழுத்திலும் அப்படித் தெரிந்தது.

இனி ஓர் உதாரணத்தை அடியடியாகப் பார்ப்போம். இந்தக் கட்டுரைக்காகவே கட்டிய இரண்டடிகள் இவை. எங்கும் உள்ளவை அல்ல.

வாவியிலே என்தோணி வழிமாறி நின்றது
பாவியெனைக் கரைசேர்த்துப் பார்த்தருள்வாய் றஹீம்

எதுகை சரி, பொருள் சரி. பாடிப் பார்த்தால் இரண்டு இடத்தில் முட்டும். முதலடி ‘நின்றது’ என்று குற்றியலுகரத்தில் முடிகிறது. ராகம் அங்கே நீளுமானால் ‘நின்றதூ’ என்று கேட்கும். இரண்டாமடி ‘றஹீம்’ என்று உதட்டில் அடைகிறது. தனியாள் பாடினால் ஈகாரத்தைப் பிடித்து அழகாக மூடலாம். கூட்டம் பாடினால் ஒருவர் முந்தி மூடுவார், ஒருவர் பிந்தி மூடுவார். முடிவு கலைந்து கேட்கும். எனவே ‘நின்றதே’, ‘றஹீமே’ என்று மாற்றுகிறோம். ‘நின்றதே’யில் வரும் ஏகாரம் இரக்கத்தைக் கூட்டுகிறது, இந்த அடிக்கு அது பொருந்தும்.

வேலை இன்னும் முடியவில்லை. ‘பார்த்தருள்வாய் றஹீமே’ என்ற பகுதியை எட்டு எண்ணிக்கையில் பாடுவதாக வைத்துக்கொள்வோம். மெட்டு 5, 6இல் உச்சிச் சுரத்தில் ஒரு முறை நிற்கிறது. 7இல் இறங்கி 8இலிருந்து கூட்டம் சேர்ந்து நீட்டுகிறது. பாடகர் பார்த்-1, தருள்-2, வாய்-3, 4 என்று ‘வாய்’க்கு இரண்டு எண்ணிக்கை கொடுத்துவிட்டால், 5இல் ‘ற’ வந்து விழும். உச்சியில் இரண்டு எண்ணிக்கை நிற்கவேண்டிய சுரம் அந்தக் குறிலின்மேல் நிற்கும். ‘றாஹீமே’ என்று கேட்கும். அறபில் ‘றாஹிம்’ வேறொரு வடிவம். இரங்குவோர் யாருக்கும் பொதுவாக வரக்கூடியது. ஏகாரம் சேர்த்தும் பெயர் காப்பாற்றப்படவில்லை. காரணம், மெட்டின் இரண்டு நீட்சிகளில் ஒன்றை மட்டுமே நாம் பெயருக்கு வெளியே கொண்டுபோனோம்.

திருத்தம் எளியது. ‘வாய்’ ஓர் எண்ணிக்கையோடு நிற்கட்டும். 4இல் ‘ற’ குறிலாகவே கடந்துபோகட்டும். 5, 6இல் ‘ஹீ’ வரும். அது அறபிலும் நெடில், மத்து எழுத்துள்ள இடம். 7இல் ‘மே’ தொடங்கும், 8இலிருந்து கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். உச்சி நீட்சி பெயருக்குள் இருக்கும் இயல்பான நெடிலில். ஈற்று நீட்சி பெயருக்கு வெளியே தமிழ் ஏகாரத்தில். இரண்டும் தத்தம் இடத்தில்.

நெடிலே இல்லாத பெயர் வந்தால் என்ன செய்வது? ‘ஸமத்’ அப்படிப்பட்டது. இரண்டும் குறில், முடிவு வல்லினம். இந்தப் பெயரை 5, 6க்கு நேரே வைக்கவே கூடாது. அங்கே நீளக்கூடிய ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டு, பெயரைப் பின்னால் தள்ளவேண்டும். ‘கரைசேரக் காவாய் ஸமதே’ என்றால் ‘வாய்’ 5, 6இல் நிற்கும். ‘ஸம’ 7இல் விரைந்து கடக்கும். ‘தே’ 8இல் திறக்கும். நீட்சியின் பாரம் முழுவதையும் தமிழ்ச் சொல்லும் தமிழ் ஏகாரமும் சுமக்கின்றன.

ஏகாரத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடலாம் என்று எண்ணக்கூடாது. தமிழில் அது விளி மட்டுமல்ல. பிரித்துக்காட்டும், உறுதிப்படுத்தும், கேள்வி கேட்கும், சில இடத்தில் குறைசொல்லும். ‘தந்தாய்’ என்பது நன்றி. ‘தந்தாயே’ என்பது இழுக்கும் குரலைப் பொறுத்து நன்றியாகவும் கேட்கும், ‘இப்படித் தந்துவிட்டாயே’ என்ற மனத்தாங்கலாகவும் கேட்கும். ‘இல்லை’ என்பது செய்தி; ‘இல்லையே’ என்பது புலம்பல். துஆவில் மனத்தாங்கல் வரலாமா என்பதைப் புலவர் யோசித்துத்தான் ஒட்டவேண்டும். ஓகாரம் இதைவிட வில்லங்கம். ஓசைக்கு அது நல்ல உயிர்தான். ஆனால் ‘றஹ்மானோ’ என்றால் ஐயமாகிவிடும். பக்தி அடிகளின் ஈற்றுக்கு ஓகாரத்தைவிட ஏகாரம் தோதாவதற்கு இது ஒரு காரணம். தாயுமானவரின் ‘எந்நாளோ’ போன்ற ஏக்க வினாவில் மட்டும் அது பொருந்தி நிற்கும்.

நம் காலத்தில் இந்த ஏகாரம் வேறொரு வாதத்துக்குள்ளும் அகப்பட்டது. ‘முகியித்தீனே’ என்று முடியும் பாடல்கள் நம்மிடம் பல. மஸ்தான் சாஹிபின் முகியித்தீன் சதகமும் அந்த மரபில் வந்ததே. வலிமார்களை இப்படி விளித்துக் கேட்பது கூடாது என்ற கருத்துப் பரவிய ஊர்களில் அந்தப் பாடல்கள் குறைந்தன. ஆதரிப்போர் தொடர்ந்து பாடுகிறார்கள். எது சரி என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. பாட்டுக் கட்டுவோருக்கு அதில் உள்ள தொழில் சிக்கலை மட்டும் சொல்லலாம். விளியை எடுத்தால் அதோடு திறந்த உயிரும் போய்விடுகிறது. ‘முகியித்தீன்’ என்று படர்க்கையில் நிறுத்தினால் அடி ஒற்றில் மூடும். பழைய மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றிய பல பாடல்கள் முடிவில் நொண்டுவது இதனால்தான். அதற்கும் வழி உண்டு. பெயரை அடியின் நடுவே கொண்டுவந்து, ஈற்றில் வினையை வைக்கலாம். ‘வந்தாரே’, ‘தந்தாரே’ என்று தேற்ற ஏகாரம் வரும்; அது கூப்பிடுவதில்லை, உறுதிதான் சொல்கிறது. அல்லது அழைப்பை அல்லாஹ்வின்பால் திருப்பி ஈற்றில் அவனது நாமத்தை விளிக்கலாம். ஏகாரம் இருப்பதாலேயே ஒரு பாடல் விளியாகிவிடாது. எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

அடி திறந்தே முடியவேண்டும் என்பது சட்டமும் அல்ல. நாகூர் ஹனீபா (1925–2015) பாடி உலகத் தமிழ் முஸ்லிம்கள் யாவரும் அறிந்த ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலின் முதல் அடி ளகர ஒற்றிலே அடைகிறது. அடுத்த அடி ஐகாரத்தில் திறந்து முடிகிறது. ஏவலுக்கு மூடிய முடிவும் ஆறுதலுக்குத் திறந்த முடிவும். இரண்டும் மாறி மாறி வருவதால் கேட்பவருக்குச் சலிப்பில்லை. ஐகாரத்தை நீட்டும்போது முன்பாதியான அகரச் சாயலைப் பிடித்து, கடைசியில்தான் இகரத்துக்கு வரவேண்டும். முந்தி வந்துவிட்டால் ‘ஈ’ என்று நெரியும். எல்லா அடியும் ‘ஏ’ என்று முடிந்தால் ஒரே ஊதலாகக் கேட்கும் என்பதும் உண்மை. முதலடியில் ‘நின்றது’ என்றே விட்டுவிட்டு, நீட்டாமல் வெட்டி நிறுத்தி, ஓர் எண்ணிக்கை மௌனம் கொடுத்து, இரண்டாமடியில் ‘றஹீமே’ என்று திறப்பதும் நல்ல கட்டுமானமே. நீட்சி ஓரிடத்தில் வந்தால்தான் நீட்சி.

ஏகாரத்தைப் பிடிப்பதிலும் பிழை வரும். மூச்சுக் குறையும்போது தாடை மெல்ல ஏறி ‘ஏ’ என்பது ‘ஏய்’ ஆகிவிடும். ‘றஹ்மானேய்’ என்றால் அது ஒருவரை அதட்டும் குரல். உதடு முந்தி மூடினால் ‘ஏம்’ ஆகும். பிழை எங்கே என்று அறிய, மஜ்லிஸைக் கைப்பேசியில் பதிந்து கடைசி இரண்டு விநாடியை மட்டும் கேட்டால் போதும். தொடங்கிய உயிரும் முடிந்த உயிரும் ஒன்றாக இருக்கவேண்டும். பெயர் சிதைகிறதா என்று அறிய இன்னொரு சோதனை உண்டு. பாட்டின் மெட்டு தெரியாத, தஜ்வீது தெரிந்த ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கேட்கக் கொடுத்து, என்ன பெயர் கேட்டது என்று எழுதச் சொல்லவேண்டும். அவர் ‘றஹீம்’ என்று எழுதினால் மெட்டு சரியான இடத்தில் நிற்கிறது. ‘றாஹிம்’ என்று எழுதினால் திருத்தவேண்டியது குரலை அல்ல, சொல் விழும் எண்ணிக்கையை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளும் பாடல்களும் ஓரளவு நூல்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தொகுப்பில் சொல் இருக்கிறது. எந்த அசை எத்தனை எண்ணிக்கை நீண்டது என்பது இல்லை. முனாஜாத்து பாடத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஊருக்கு ஒருவர் இருவராவது இருக்கிறார்கள். இனித் தொகுப்போர் ஒலியைப் பதிவதோடு, நீளும் அசையின் கீழே ஒரு கோடும் எண்ணிக்கையும் இட்டுவைத்தால் பின்வருவோருக்குப் பாட்டாகவே கிடைக்கும். ‘றஹ்மானே’ என்று அச்சில் பார்ப்பவருக்கு நீண்டது மாவா னேயா என்று தெரியாது. பாடிய வாயிடம் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.